கெட்டியாக வேண்டுமா, உறைய வேண்டுமா?

சூப், கஸ்டர்ட், ஜாம், நோன்புக் காலத்துக் கடல்பாசி. நான்குமே தண்ணீராக இருக்கும் ஒன்றைக் கெட்டியாக்கும் வேலைதான். அதற்குக் கடையில் கிடைக்கும் தாவரப் பொருள்களில் முக்கியமானவை நான்கு: கடல்பாசி, பெக்டின், கார்ன்ஃப்ளவர், அரோரூட். நான்கும் வெள்ளையாகவோ வெளிர் நிறத்திலோ, தூளாகவோ இழையாகவோ பாக்கெட்டில் வருகின்றன. ஆனால் ஒன்று தீர்ந்துவிட்டது என்று இன்னொன்றை எடுத்துப் போட்டால் பெரும்பாலும் சமையல் கெட்டுப்போகும்.

சூப்பில் கடல்பாசித் தூளைப் போட்டுப் பாருங்கள். கொதிக்கும்போது தண்ணீராகவே இருக்கும். போதவில்லை என்று இன்னும் போடுவீர்கள். கிண்ணத்தில் ஊற்றி ஆறியதும் கத்தியால் வெட்டும் அளவுக்குக் கட்டியாகிவிடும். ஜாமில் கார்ன்ஃப்ளவர் போட்டால் பழக்களிதான் கிடைக்கும், பளபளப்பும் போய்விடும்.

ஏன் இப்படி? எதற்கு எதைப் போடுவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உங்களை நீங்களே கேட்க வேண்டியது என்ன?

உங்களுக்கு வேண்டியது சூடாக இருக்கும்போதே கெட்டியாக இருக்கும் குழம்பா, அல்லது ஆறிய பிறகு உறைந்து நிற்கும் துண்டா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கார்ன்ஃப்ளவரும் அரோரூட்டும் மாவுச்சத்து. மாவுச்சத்து மிகச் சிறிய மணிகளாக இருக்கும். பச்சைத் தண்ணீரில் அவை கரைவதில்லை, மிதந்துவிட்டு அடியில் தங்கும். சூடு ஏறும்போது ஒவ்வொரு மணியும் தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்புகிறது. உப்பிய மணிகள் ஒன்றையொன்று நெருக்குவதால் திரவம் அடுப்பிலேயே கெட்டியாகிறது.

கடல்பாசியும் பெக்டினும் வேறு வகை. அவற்றின் இழைகள் சூட்டில் தண்ணீரில் கரைந்து பிரிந்துவிடும். ஆறும்போது அந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மீன்வலை போல நடுவில் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதனால் அடுப்பில் தண்ணீராக இருப்பது தட்டில் உறைகிறது.

ஆக, கிரேவி, சூப், சாஸ், ஊற்றிச் சாப்பிடும் கஸ்டர்ட் ஆகியவற்றுக்கு மாவு. வில்லை போடும் இனிப்புக்குக் கடல்பாசி. ரொட்டியில் தடவும் பழ ஜாம், ஜெல்லிக்குப் பெக்டின். இனி, ஒவ்வொன்றும் எப்போது நன்றாக வேலை செய்யும், எப்போது கைவிடும் என்று பார்க்கலாம்.

கார்ன்ஃப்ளவர் என்று எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுத்த வெள்ளைத் தூள்தான் கார்ன்ஃப்ளவர். விரலில் தேய்த்தால் நறநறவென்று சத்தம் வரும். மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவும், வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவும் வேறு பொருள்கள். கடையில் வெறுமனே "சோள மாவு" என்று கேட்டால் மூன்றில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். அரைத்த மாவுகளில் நாரும் புரதமும் இருப்பதால் சூப் கரகரப்பாகும், சரியாகக் கெட்டியாகாது.

எவ்வளவு போடுவது?

250 மில்லி திரவத்துக்கு 1 டேபிள்ஸ்பூன் (ஏறக்குறைய 8 கிராம்) போட்டால் நடுத்தரமான கிரேவி கிடைக்கும். சூப்புக்கு அதில் பாதி போதும். அரை லிட்டர் பாலுக்கு 2 டேபிள்ஸ்பூன் போட்டால் பழத் துண்டுகள் மேல் ஊற்றும் கஸ்டர்ட். அதே பாலுக்கு 4 முதல் 5 டேபிள்ஸ்பூன் போட்டால் குளிர்ந்ததும் அச்சிலிருந்து கவிழ்க்கும் அளவுக்கு நிற்கும். கஸ்டர்ட் பவுடர் என்று விற்பதும் பெரும்பாலும் நிறமும் மணமும் சேர்த்த கார்ன்ஃப்ளவர்தான்.

ஆறும்போது இது இன்னும் சற்று இறுகும். ஆகவே அடுப்பில் இருக்கும்போது உங்களுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கையிலேயே இறக்கிவிடுங்கள்.

கட்டி தட்டுவது ஏன்?

மாவை நேராகக் கொதிக்கும் குழம்பில் தூவினால், மாவுக் குவியலின் வெளிப்புறம் நொடியில் வெந்து பசையாகிவிடும். அந்தப் பசையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போக முடியாது. கட்டியை உடைத்துப் பார்த்தால் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். அதனால்தான் மாவைப் போல இரண்டு மடங்கு பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்துக்கொள்ள வேண்டும். கரைத்து வைத்ததும் மாவு அடியில் தங்கிவிடும் என்பதால், ஊற்றுவதற்கு முன் இன்னொரு முறை கலக்குங்கள்.

கெட்டியாகிவிட்டது, ஆனால் மாவு வாசம் போகவில்லையே?

கார்ன்ஃப்ளவர் 65 டிகிரி செல்சியஸ் அளவில் உப்பத் தொடங்கினாலும், முழுதாக வேகக் கிட்டத்தட்ட கொதிநிலை வேண்டும். கெட்டியானதும் இறக்கிவிட்டால் பச்சை வாசம் நிற்கும். நடுவிலும் குமிழி வந்த பிறகு ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். அதற்கு மேல் நெடுநேரம் கொதிக்கவிட்டு வேகமாக அடித்துக் கலக்கினால் உப்பிய மணிகள் உடைந்து, கெட்டியானது மறுபடி தளரும்.

வினிகரோ எலுமிச்சையோ சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் கடைசியில். புளிப்போடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டால் மாவுச்சத்து சிதைந்து தண்ணீராகும். ஹாட் அண்ட் சவர் சூப்பில் முதலில் மாவு வெந்து கெட்டியாகட்டும். அடுப்பை அணைத்த பிறகு வினிகரை ஊற்றுங்கள்.

நேற்று கெட்டியாக இருந்த கஸ்டர்ட் இன்று தண்ணீராகிவிட்டது. ஏன்?

வாயில் வைத்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விட்டார்களா என்று பாருங்கள். நம் எச்சிலில் அமிலேஸ் (மாவுச்சத்தை உடைக்கும் நொதி) இருக்கிறது. ஒரு கரண்டி எச்சில் பட்டாலே போதும், சில மணி நேரத்தில் கஸ்டர்ட் தளர்ந்துவிடும். பரிமாறுவதற்குத் தனிக் கரண்டி வைப்பதுதான் வழி.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தாலும் கார்ன்ஃப்ளவர் சாஸ் கெட்டுப்போகும். உருகும்போது மாவுச்சத்து இறுகிக்கொண்டு, பிடித்துவைத்த தண்ணீரை வெளியே விட்டுவிடும். மேலே தண்ணீரும் கீழே பஞ்சு போன்ற திரளுமாகப் பிரிந்து நிற்கும். ஃப்ரீசரில் வைக்கப்போகும் கிரேவி என்றால் மாவைச் சேர்க்காமல் வைத்து, சூடாக்கும்போது சேருங்கள்.

அரோரூட்டும் அதே வேலையைத்தானே செய்கிறது, எதற்குக் கூடுதல் விலை?

அரோரூட் கிழங்கிலிருந்து எடுக்கும் மாவு. கிழங்கைத் துருவி, தண்ணீரில் அலசி, துணியில் வடிகட்டித் தெளியவைத்தால் அடியில் வெண்மையான மாவு தங்கும். அந்தத் தண்ணீரைப் பலமுறை மாற்றிக் கழுவி வெயிலில் காயவைப்பார்கள். நாட்டு மருந்துக் கடைகளில் கூகைநீறு என்ற பெயரில் வைத்திருப்பார்கள், கேரளத்தில் கூவைப்பொடி என்பார்கள். குழந்தைக்கும் நோயாளிக்கும் கஞ்சி காய்ச்சுவது நெடுங்கால வழக்கம்.

சமையலில் இதன் சிறப்பு மூன்று. வெந்ததும் கண்ணாடி போலத் தெளிவாகிவிடும், கார்ன்ஃப்ளவர் பால்போல் மங்கலாக நிற்கும். இதற்கென்று தனிச் சுவையோ வாசமோ இல்லை. கொதிநிலைக்கு முன்பே, 80 டிகிரிக்கும் குறைந்த சூட்டிலேயே கெட்டியாகிவிடும்.

ஆகவே மாதுளைச் சாஸ், எலுமிச்சைச் சாஸ், பழக் கேக்கின் மேல் பூசும் பளபளப்பு ஆகியவற்றுக்கு அரோரூட்தான் பொருத்தம். பழத்தின் நிறம் மங்காது. நெடுநேரம் கொதிக்கத் தேவையில்லாததால் பழத்தின் புதுமணமும் நிற்கும். புளிப்பையும் கார்ன்ஃப்ளவரைவிட நன்றாகத் தாங்கும்.

எப்படிச் சேர்ப்பது?

கார்ன்ஃப்ளவரைப் போலவே பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதி அடங்கிய சூடான சாஸில் கடைசியாக ஊற்றுங்கள். வெண்மை மறைந்து தெளிவான உடனே இறக்கிவிட வேண்டும். இன்னும் கெட்டியாகட்டும் என்று அடுப்பிலேயே விட்டால் எதிர்மாறாகத் தளர்ந்துபோகும். மறுநாள் சூடாக்கினாலும் அப்படித்தான். அன்றன்று செய்து பரிமாறும் சாஸுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாலில் போடலாமா?

நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலோடும் கிரீமோடும் சேர்ந்தால் அரோரூட் வழவழவென்று நூல்விடும். சுவை கெடாது, ஆனால் கரண்டியில் எடுக்கும்போது இழுபடுவது பலருக்குப் பிடிக்காது. பால் கஸ்டர்டுக்குக் கார்ன்ஃப்ளவரே மேல்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அரோரூட் விலை அதிகம் என்பதால் அதில் மரவள்ளி மாவையோ கார்ன்ஃப்ளவரையோ கலப்பது பழைய வழக்கம். வெறும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. பாக்கெட்டின் பின்புறம் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். கார்ன்ஃப்ளவர் விலைக்கே கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

கடல்பாசி, சைனா கிராஸ், அகர் அகர்: மூன்றும் ஒன்றா?

ஒன்றுதான். சிலவகைச் சிவப்புக் கடற்பாசிகளை வேகவைத்து, வடித்த சாற்றை உறையவைத்து, காயவைத்து எடுப்பது அகர். நம் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் மண்டபம், ராமேஸ்வரம் பகுதி மீனவப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் இப்படி அகர் எடுக்கப் பயன்படுபவை. கடையில் இழையாகவும் தூளாகவும் கிடைக்கும்.

ஜெலட்டினுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஜெலட்டின் மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கடையில் வாங்கும் ஜெல்லி பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அகர் முழுக்கத் தாவரப் பொருள்.

சமையலிலும் பெரிய வித்தியாசம் உண்டு. ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும், உறைய ஃப்ரிட்ஜ் வேண்டும். அகர் 35 முதல் 40 டிகிரிக்குள் உறையும். ஆனால் ஒருமுறை உறைந்துவிட்டால் மறுபடி உருக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் இல்லாத அறையிலும் கடல்பாசி உருகாமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

இந்தக் குணம்தான் அகரை ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுபோனது. ஜெர்மனியில் ராபர்ட் காக் குழுவினர் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கிருமிகள் வளரத் தேவையான சூட்டில் ஜெலட்டின் உருகிப்போனது, சில கிருமிகள் அதையே தின்றும் கரைத்தன. அந்தக் குழுவில் இருந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே தன் சமையலறை ஜெல்லியில் அகர் பயன்படுத்திவந்தார். 1881-ல் அவர் சொன்ன யோசனைப்படி அகருக்கு மாறினார்கள். இன்றும் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்ப்பது அகரில்தான்.

அன்னாசி, பப்பாளி போன்ற பழங்களைப் பச்சையாகப் போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது. அப்பழங்களில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது, ஜெலட்டினோ புரதம். அகர் புரதம் இல்லை என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

பால் கடல்பாசி செய்யும்போது எங்கே தவறு நடக்கிறது?

படிப்படியாகப் பார்த்துவிடுவோம். 10 கிராம் இழைக் கடல்பாசியைக் கத்தரித்து 250 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரோடேயே மிதமான தீயில் வையுங்கள். எட்டு, பத்து நிமிடம் கொதித்தபின் ஒரு கரண்டி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓர் இழைகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் கரையவில்லை என்று பொருள். கரையாத பாசி உறையவைக்க உதவாது, வாயில் நாராகத்தான் அகப்படும்.

பாசி கரைந்த பிறகே சர்க்கரை போடுங்கள். முதலிலேயே போட்டால் சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பாசி கரையத் தாமதமாகும்.

அதற்குள் பக்கத்து அடுப்பில் அரை லிட்டர் பால் காய்ந்து சூடாக இருக்கட்டும். இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலைப் பாசியில் ஊற்றினால், அந்த இடத்தில் சூடு 40 டிகிரிக்குக் கீழே போய்ப் பாசி உடனே திரிதிரியாக உறைந்துவிடும். பால் தனியாகவும் ஜவ்வுத் துணுக்குகள் தனியாகவும் நிற்கும். சூடான பாலில் வடிகட்டி ஊற்றிக் கலக்கி, ஒரு நிமிடம் சேர்த்துச் சூடாக்கி, தட்டில் ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாமலேயே முக்கால் மணி நேரத்தில் உறைந்துவிடும். பிறகு குளிரவைத்து வில்லை போடலாம்.

தூளாக இருந்தால் அளவு குறையும். அரை லிட்டர் திரவத்துக்கு 4 முதல் 5 கிராம் தூள் போட்டால் வெட்டி எடுக்கும் பதம் வரும். பாதி போட்டால் கரண்டியால் எடுக்கும் மென்மை கிடைக்கும். 1 டீஸ்பூன் தூள் ஏறக்குறைய 2 கிராம்.

அளவு சரியா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். தட்டில் ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டியை எடுத்து, குளிர்ந்த கிண்ணத்தில் ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். உறைந்ததைத் தொட்டுப் பார்த்தால் மொத்தமும் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். பிராண்டுக்குப் பிராண்ட் வீரியம் மாறும் என்பதால் இந்தச் சோதனையை விடாதீர்கள். எல்லாம் உறைந்த பிறகு தவறு தெரிந்தாலும் பரவாயில்லை. அகரை மறுபடி காய்ச்சலாம். மென்மையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பாசியைத் தனியே கரைத்துச் சேருங்கள், ரப்பர் போல இருந்தால் சூடான பாலைச் சேருங்கள்.

எதற்கு ஆகாது?

புளிப்பான சாறோடு சேர்த்துப் பாசியைக் கொதிக்கவிடாதீர்கள், உறையும் வலு குறையும். தண்ணீரில் கரைத்துக்கொண்டு, இறக்கியபின் சாற்றைச் சேருங்கள், சாறு வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஃப்ரீசரில் வைத்தால் நொறுங்கித் தண்ணீர் விட்டுவிடும். வாயில் ஜெலட்டின் போல உருகாது, மென்றுதான் சாப்பிட வேண்டும். உருகும் தன்மையை எதிர்பார்த்து ஜெலட்டின் அளவையே இதிலும் போடுகிறவர்களுக்குத்தான் ரப்பர் மாதிரி வந்துவிடுகிறது.

பெக்டின் எங்கே கிடைக்கும்?

அதைப் பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பழங்களின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருள் பெக்டின். கொய்யா, விளாம்பழம், ஆப்பிள், எலுமிச்சை ஆரஞ்சுத் தோல்களின் உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி ஆகியவற்றில் நிறைய உண்டு. ஸ்ட்ராபெர்ரியிலும் அன்னாசியிலும் குறைவு. கடையில் விற்கும் பெக்டின் தூளும் ஆரஞ்சு வகைத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுப்பதுதான்.

பெக்டின் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. நிறையச் சர்க்கரையும் தேவையான புளிப்பும் கூடவே வேண்டும். பெக்டின் இழைகளுக்கு மின்னூட்டம் உண்டு, அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். புளிப்பு அந்தத் தள்ளலைக் குறைக்கிறது. சர்க்கரை, இழைகளைச் சுற்றியிருக்கும் தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. அப்போதுதான் இழைகள் நெருங்கிப் பின்னிக்கொள்ளும். மொத்த எடையில் ஏறக்குறைய 65 சதவீதம் சர்க்கரையாக இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு.

வீட்டில் கொய்யா ஜெல்லி செய்ய முடியுமா?

பெக்டின் தூள் இல்லாமலேயே செய்யலாம். 1 கிலோ கொய்யாவில் முக்கால் பங்கு செங்காயாகவும் மீதி பழமாகவும் இருக்கட்டும். நன்றாகக் கனிந்துவிட்டால் பழத்திலுள்ள நொதிகள் பெக்டினைச் சிதைத்துவிடும். செங்காய் உறையவைக்கும், கனி மணம் கொடுக்கும்.

துண்டாக்கி, விதையோடு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து, அரை மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிடுங்கள். மெல்லிய துணியில் ஊற்றித் தானாக வடிய விடுங்கள். அவசரப்பட்டுப் பிழிந்தால் சாறு கலங்கி, ஜெல்லி மங்கலாகும்.

வடிந்த சாற்றில் பெக்டின் போதுமா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஆறிய சாறு 1 டீஸ்பூனை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை 1 டேபிள்ஸ்பூன் ஊற்றி மெதுவாகச் சுழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் பெக்டின் நிறைய இருக்கிறது. துண்டு துண்டாகத் திரிந்தால் குறைவு. ஸ்பிரிட் நஞ்சு, ஆகவே அந்தக் கிண்ணத்தில் இருப்பதை ருசி பார்க்காமல் கொட்டிவிட்டு, கையையும் கிண்ணத்தையும் கழுவுங்கள்.

ஒரே கட்டியாகத் திரண்டால் 1 லிட்டர் சாற்றுக்கு 600 கிராம் சர்க்கரை. குறைவாக இருந்தால் சர்க்கரையையும் 400 கிராமாகக் குறைத்து, கூடுதல் நேரம் வற்றவிடுங்கள். இன்னொரு எலுமிச்சையின் சாற்றையும் சேர்த்து, அகலமான பாத்திரத்தில் வேகமாகக் கொதிக்கவிடுங்கள். 600 கிராம் போட்ட கணக்கில், பாத்திரத்தில் இருக்கும் 1,600 கிராம் ஏறக்குறைய 1 கிலோவாக வற்றும்போது சர்க்கரை தேவையான பங்குக்கு வந்துவிடும்.

இறக்கும் பதம் எப்படித் தெரியும்?

சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 104 முதல் 105 டிகிரி. இது கடல் மட்டத்துக் கணக்கு. கொடைக்கானல், ஊட்டி உயரத்தில் தண்ணீரே 93 டிகிரி அளவில் கொதித்துவிடும். அங்கே 105-க்காகக் காத்திருந்தால் ஜெல்லி மிட்டாயாகிவிடும். உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் 4 அல்லது 5 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சிறு தட்டை ஃப்ரீசரில் வைத்திருங்கள். அதில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம் வந்துவிட்டது.

ஆறியும் உறையவில்லை என்றால்?

காரணம் மூன்றில் ஒன்று: போதுமான அளவு வற்றவில்லை, புளிப்புப் போதவில்லை, அல்லது நெடுநேரம் கொதித்துப் பெக்டின் சிதைந்துவிட்டது. ஜெல்லி சிரப் போலத் தளர்வாக இருந்தால் எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சில நிமிடம் கொதிக்கவிட்டுத் தட்டில் சோதியுங்கள், முதல் இரண்டும் சரியாகிவிடும். நிறம் கறுத்துப் பாகு போல இழுபட்டால் மூன்றாவது. அதை மீட்க முடியாது, பானத்தில் கலந்து தீர்த்துவிடுங்கள்.

பெக்டின் குறைந்த பழத்துக்குத் தூள் சேர்ப்பதானால், நேராகத் தூவாதீர்கள், கட்டி தட்டும். தூளைப் போல ஐந்து மடங்கு சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து, சூடான பழக்கூழில் கிளறிக்கொண்டே தூவுங்கள்.

சர்க்கரை குறைத்து ஜாம் செய்யலாமா?

வழக்கமான பெக்டின் உறையாது. சர்க்கரை இல்லாமல் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து உறையும் தனிவகைப் பெக்டின் உண்டு, பாக்கெட்டில் சர்க்கரை குறைந்த ஜாமுக்கானது என்று போட்டிருக்கும். அது கிடைக்காவிட்டால் பழக்கூழில் கொஞ்சம் அகரைக் கரைத்துச் சேர்க்கலாம், பதம் சற்று வேறாக இருக்கும். எதுவானாலும் சர்க்கரைதான் ஜாமைக் கெடாமல் காக்கிறது என்பதை மறக்காதீர்கள். சர்க்கரை குறைந்த ஜாமைக் குறைந்த அளவில் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். பழத்திலேயே சர்க்கரை இருப்பதால், நீரிழிவு உள்ளவர்கள் இதையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

ஒரே சாறு கையில் இருந்தால் எதைச் செய்வது?

அரை லிட்டர் திராட்சைச் சாறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐஸ்கிரீம் மேல் ஊற்றும் பளபளப்பான சாஸ் வேண்டுமானால் 2 டேபிள்ஸ்பூன் அரோரூட்டைக் கரைத்து ஊற்றித் தெளிந்ததும் இறக்குங்கள். கிண்ணத்தில் குளிரவைக்கும் புட்டிங் வேண்டுமானால் 5 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளவர். நிறம் மங்கும், ஆனால் வாயில் மெத்தென்று இருக்கும்.

குழந்தைகள் கையில் எடுத்துச் சாப்பிடும் வில்லைகள் வேண்டுமானால் சாற்றில் 350 மில்லி மட்டும் எடுங்கள். 4 கிராம் அகர் தூளை 150 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, வெதுவெதுப்பான சாற்றோடு கலந்து தட்டில் ஊற்றுங்கள். ரொட்டிக்கு ஜெல்லி வேண்டுமானால் முழுச் சாற்றுக்கும் 8 கிராம் பெக்டின், அரை கிலோ சர்க்கரை, ஒரு எலுமிச்சை. வற்றக் காய்ச்சினால் ஏறக்குறைய 900 கிராம் ஜெல்லி கிடைக்கும்.

நான்கையும் வாங்கி வைக்க வேண்டுமா?

வேண்டாம். அன்றாடச் சமையலுக்குக் கார்ன்ஃப்ளவரும் ஒரு பாக்கெட் கடல்பாசியும் போதும். இரண்டையும் ஈரம் படாமல் மூடிவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பெக்டின் வேண்டும்போது செங்காய்க் கொய்யாவை வாங்குங்கள், தூளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. தெளிவான பழச் சாஸ் அடிக்கடி செய்கிற வீடாக இருந்தால் மட்டும் அரோரூட்டுக்குக் காசு கொடுங்கள், சின்ன பாக்கெட்டாகவே வாங்குங்கள்.